பக்திச் சேனலுக்குப் புதுத் தொண்டர் வந்தால்: ஒரு தேவாரப் பாட்டும் ஓர் ஒப்படைப்புத் தாளும்

ஞாயிறு காலை ஓதுவார் மண்டபத்தில் உட்கார்ந்து பாடுகிறார், ஒருவர் படம் பிடிக்கிறார். திங்கள் இரவு இன்னொருவர் தன் வீட்டில் அதை வெட்டிச் சப்டைட்டில் போடுகிறார். புதன்கிழமை மூன்றாமவர் சரிபார்க்கிறார். சிறிய கோயில் சேனல்களில் இந்த மூவரும் ஒரே இடத்தில் சந்திப்பது அபூர்வம். முதல் பதிவில் நடுவே மணி அடித்துவிட்டதால்தான் இரண்டாவது எடுத்தோம் என்பது கேமராக்காரருக்கு மட்டும் தெரியும். சப்டைட்டில் போடுபவர் கோப்புறையைத் திறந்ததும் முதலில் கிடைப்பதை எடுத்து இரண்டு மணி நேரம் உழைப்பார். புதன்கிழமைதான் மணி ஓசை காதில் விழும்.

இதைத் தடுக்க ஒரு பக்கத் தாள் போதும். கோப்பைத் திறந்து பார்த்தாலும் தெரியாத விஷயங்களை, தெரிந்தவர் அதில் எழுதி அடுத்தவரிடம் தருகிறார். புதுத் தொண்டர்களுக்கு மூன்று வேலைகளையும் இந்தத் தாளை மையமாக வைத்தே சொல்லிக்கொடுக்கலாம். பயிற்சிப் பாடமாக இங்கே எடுத்துக்கொள்வது முதல் திருமுறையின் முதல் பதிகத்து முதல் பாட்டு, ‘தோடுடைய செவியன்’. நாலே அடிதான். ஆனால் சப்டைட்டில் போடுபவர் சறுக்கக்கூடிய இடங்கள் பலவும் அந்த நாலு அடிக்குள் இருக்கின்றன.

தாளில் என்ன இருக்க வேண்டும்

நோட்டுப் புத்தகத்தில் பாதி அளவுள்ள காகிதம், ஒரு பாட்டுக்கு ஒன்று. ஃபோன் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போது அதிலேயே குறிப்பு எழுத முடியாது. அதனால் முதலில் காகிதம், பதிவு முடிந்ததும் அதை ஒரு படம் எடுத்து வீடியோ இருக்கும் அதே கோப்புறையில் போட்டுவிட வேண்டும். பூர்த்தியான தாள் ஒன்று இப்படி இருக்கும்:

பதிவு: 2026 ஜனவரி 11, ஞாயிறு. முதல் திருமுறை, பதிகம் 1, பாட்டு 1.
பண், தலம்: நட்டபாடை, பிரமபுரம் எனப்படும் சீர்காழி.
மூல நூல்: ஓதுவார் கையில் வைத்திருந்த பதிப்பின் பெயர், பக்க எண்.
எடுத்தவை 3, பயன்படுத்த வேண்டியது 2.
காரணம்: 1இல் நடுவே மணி ஓசை. 3இல் இரண்டாம் அடி விட்டுப்போனது.
பாட்டுத் தொடக்கம் 0:21. இரண்டாம் அடியை இருமுறை பாடினார்.
சந்தேகம் (கேமரா): 1:03இல் மைக்கில் உரசல்.
வெட்டு: முன்னால் 16 விநாடி நீக்கியது.
சந்தேகம் (சப்டைட்டில்): 0:47இல் ஒரு சொல் கேட்கவில்லை, ‘முனை’யா ‘உனை’யா?
சரிபார்ப்பு: ஓதுவாரிடம் கேட்டது, அவர் சொன்ன பதில்.
நிலை: வெளியிடலாம் / திருத்தி மீண்டும் காட்டவும் / நிறுத்தவும்.

இதில் மிக முக்கியமானவை சந்தேகத்துக்கான வரிகள். புதிதாக வருபவர்கள் அவற்றைக் காலியாக விடுவார்கள். தவறு செய்ததாக எண்ணிவிடுவார்களோ, பெரியவர் பாட்டில் குறை சொன்னதாகிவிடுமோ என்ற கூச்சம் இருக்கும். ஆகவே முதல் நாளே ஒரு விதி சொல்லிவிடுங்கள்: சந்தேக வரியைக் காலியாக விட்ட தாளை அடுத்தவர் வாங்கக் கூடாது. உண்மையிலேயே ஒன்றும் இல்லையென்றால் ‘முழுவதும் கேட்டேன், இல்லை’ என்று எழுத வேண்டும். அதை எழுதுவதற்காகவாவது ஒருமுறை முழுதாகக் கேட்பார்கள்.

கேமரா

கோயிலுக்குள் கைப்பேசியைக் கொண்டுபோகத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. ஆகவே தமிழ்நாட்டில் அறநிலையத் துறைக்கு உட்பட்ட கோயிலில் பதிவு என்றால் செயல் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அதன் நகலைக் கேமராப் பையில் வைத்திருங்கள். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்புவதே இல்லை என்பதை விதியாக வைத்துக்கொள்ளலாம். ஓதுவார் சன்னதியைப் பார்த்துப் பாடினால் முக்காலியைப் பக்கவாட்டில் போடுங்கள். அவருக்கும் சன்னதிக்கும் நடுவில் நிற்கவும் கூடாது, முக்காலிக் கால் நடைவழியை மறிக்கவும் கூடாது.

முக்காலி பாடுபவரிடமிருந்து ஆறடி தள்ளி இருக்கட்டும். தரையில் அமர்ந்து பாடுபவருக்கு லென்ஸ் ஏறக்குறைய இரண்டரை அடி உயரத்தில், அவர் கண்மட்டத்துக்கு வர வேண்டும். நின்றவாக்கில் கையில் பிடித்து எடுத்தால் அவரை மேலிருந்து குனிந்து பார்ப்பதுபோல் அமைந்துவிடும். படச் சட்டத்தின் கீழ்க் கால்பகுதியில் முகமோ கையிலுள்ள தாளமோ விளக்கோ வரக் கூடாது, சப்டைட்டில் உட்காரப்போகும் இடம் அது. புதியவர்கள் குத்துவிளக்கை அழகாகக் கீழ்மூலையில் வைப்பார்கள். பின்னர் எழுத்து சுடர்மேல் விழுந்து படிக்க முடியாமல் போகும்.

வெளிச்சத்தில் இரண்டு தொல்லைகள் வரும். முதலாவது, திரையில் ஓடும் பட்டை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் மண்டபத்து டியூப்லைட் ஒரு விநாடிக்கு நூறு முறை ஏறி இறங்குகிறது. கேமரா 30 ஃபிரேமில், ஷட்டர் 1/60இல் இருந்தால் அந்தத் துடிப்போடு பொருந்தாமல் கருப்புப் பட்டை மெதுவாக நகர்வது தெரியும். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் நின்றுவிடும். ஐஃபோனில் 25 ஃபிரேம் முதலில் கண்ணில் படாது. `Settings > Camera > Record Video` பக்கத்தில் `Show PAL Formats` என்பதை இயக்கினால்தான் வரும். ஆண்ட்ராய்டில் கேமராவின் புரோ வீடியோ பகுதியில் ஷட்டரை மாற்றலாம், எல்லா ஃபோனிலும் அந்தப் பகுதி இருக்காது. திருவிழாவுக்குத் தொங்கவிடும் சீரியல் விளக்குகளில் சில இதற்கும் அடங்காது. அவற்றை அணைக்கச் சொல்லுங்கள், இல்லையேல் சட்டத்துக்கு வெளியே விடுங்கள்.

இரண்டாவது, கற்பூரம். ஆரத்தி ஏற்றிய நொடியில் தானியங்கி வெளிச்சம் சுடரைப் பார்த்துப் படத்தையே இருட்டாக்கும், சுடர் விலகியதும் மீண்டும் வெளுக்கும். பாட்டு தொடங்குமுன் பாடுபவரின் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல ஃபோன்களில் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். ஐஃபோனில் `AE/AF LOCK` என்று எழுத்து வரும். அப்படிப் பூட்டினால் சுடர் வெள்ளையாக எரிந்து தெரியும்தான், ஆனால் முகம் நிலையாக இருக்கும். பாட்டுக்காக எடுக்கும் படத்தில் முகம்தான் வேண்டும். கற்பூரப் புகையும் திருநீறும் லென்ஸில் படியும் என்பதால் ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் சுத்தமான பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். படம் முழுக்கப் பால்போல் மங்கித் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஒலிக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். ஓதுவார் கழுத்தில் உருத்திராக்கம் இருக்கும், மேலே துண்டு மட்டுமே. சட்டைக் காலரில் குத்தும் சிறிய மைக்கைத் துண்டின் விளிம்பில் குத்தினால், மூச்சு இழுக்கும்போதெல்லாம் உருத்திராக்க மணி அதில் உரசும். பதிவு நேரத்தில் அது தெரியாது, ஹெட்ஃபோனில் கேட்டால் ‘கரக்’ என்று வரும். மைக்கைத் தோளுக்கு அருகே, மாலை எட்டாத இடத்தில் குத்துங்கள். அதைவிட நல்லது, சிறு ஸ்டாண்டில் வாய்க்கு ஒன்றரை அடி தள்ளி, சட்டத்துக்குச் சற்றுக் கீழே வைப்பது. ஒலியளவை உச்சஸ்தாயியில் பாடச் சொல்லிச் சரிசெய்யுங்கள். மெல்லத் தொடங்கும் முதல் அடியை வைத்துச் சரிசெய்தால் மேலே போகும்போது குரல் கிழியும். அளவுகோலில் உச்சம் −12 டெசிபெல் பக்கம் நின்றால் போதும்.

பதிவு தொடங்கியதும் ஐந்து விநாடி யாரும் பேசக் கூடாது, முடிந்த பிறகும் ஐந்து விநாடி. முன்னும் பின்னும் அந்த இடைவெளி இல்லாவிட்டால் வெட்டுபவர் சுருதிப் பெட்டியின் ஒலியை நடுவில் துண்டிக்க வேண்டியிருக்கும். ஃபோன் விமானப் பயன்முறையில் இருக்கட்டும். சேமிப்பில் 10 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைப்பதைக் கேமராக்காரரே அங்கேயே முடித்துவிட வேண்டும்:

```
2026-01-11_T1-001-01_take2.mp4
```

தேதி, திருமுறை எண், பதிக எண், பாட்டு எண், எத்தனையாவது பதிவு என்பதே வரிசை. அனுப்புவது கூகுள் டிரைவ் வழியாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். வேறு வழியே இல்லையென்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது 2 ஜிபி வரை சுருங்காமல் போகும்.

இனி நம் பாடத்துக்கு வருவோம். இரண்டாம் பதிவை ஹெட்ஃபோனில் கேட்ட புதியவருக்கு 1:03இல் ஓர் உரசல் கேட்கிறது. ஒரு நொடிக்கும் குறைவுதான். ‘இதையெல்லாமா எழுதுவது’ என்று தோன்றும். எழுத வேண்டும். அந்த நொடியில் எந்தச் சொல் இருந்தது என்பதைப் பார்ப்பது அவர் வேலையில்லை, நேரத்தைக் குறித்தால் போதும்.

சப்டைட்டில்

முதலில் வெட்டு, பிறகுதான் எழுத்து. இந்த வரிசையை மாற்ற விடாதீர்கள். நம் பதிவில் பாட்டு 0:21இல் தொடங்குகிறது. ஐந்து விநாடி அமைதியை மட்டும் விட்டு முன்னாலிருக்கும் 16 விநாடியை நீக்குகிறார், பாட்டு 0:05க்கு வந்துவிடுகிறது. அந்த 16ஐத் தாளில் எழுதுகிறார். கேமராக்காரர் குறித்த 1:03 இப்போது 0:47. இந்த ஒரு எண் இல்லாவிட்டால் சரிபார்ப்பவர் உரசலைத் தவறான இடத்தில் தேடுவார், அங்கே ஒன்றும் இல்லை என்று தாளையே நம்பாமல் விட்டுவிடுவார்.

`.srt` என்று முடியும் சப்டைட்டில் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். எண், நேரம், வரி, அதன்பின் ஒரு வெற்று வரி:

```
1
00:00:05,200 --> 00:00:17,000
தோடுடைய செவியன் விடையேறி
ஓர் தூவெண்மதி சூடிக்

2
00:00:17,300 --> 00:00:41,500
காடுடைய சுடலைப் பொடிபூசி
என் உள்ளங்கவர் கள்வன்
```

விநாடிக்குப் பின் வருவது காற்புள்ளி, முற்றுப்புள்ளி இல்லை. நடுவில் உள்ள வெற்று வரி விட்டுப்போனால் அடுத்த எண்ணும் நேரமும் பாட்டோடு சேர்ந்து திரையில் வந்து நிற்கும். சேமிக்கும்போது எழுத்துருக் குறியீடு `UTF-8` ஆக இருக்க வேண்டும். பழைய விண்டோஸ் நோட்பேடில் வேறாகச் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். கையால் நேரம் எழுதுவது சிரமமாக இருந்தால் சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆனால் முதல் பாட்டையாவது கையால் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் கோப்பு உடைந்தால் எங்கே உடைந்தது என்று கண்டுபிடிக்க அது உதவும்.

ஒரு திரைக்கு இரண்டு வரி, ஒரு வரிக்கு முப்பது எழுத்துக்குள். பாட்டில் ஒரே அடியைத் திரும்பப் பாடினால் எழுத்தை எடுத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டாம், அப்படியே நிற்கட்டும். இரண்டாம் அடி 24 விநாடி நிற்பது அதனால்தான். அடிகளுக்கு நடுவே ஆலாபனை நீண்டால் திரை வெறுமையாக இருப்பதே நல்லது.

சொல் பிரிப்பதில்தான் புதியவர் நிதானிக்க வேண்டும். அச்சுப் பதிப்புகளில் பாட்டு சீர் அளவில் பிரிந்திருக்கும்: ‘தோடுடையசெவியன் விடையேறியோர் தூவெண்மதிசூடிக்’. ஓசைக்கு அது பொருந்தும். திரையில் படிப்பவரோ ‘விடையேறியோர்’ என்பதை விடையில் ஏறியவர்கள் என்று பன்மையாகப் படித்துவிடுவார். அங்கே இருப்பது ‘விடை ஏறி, ஓர் தூய வெண்மதி சூடி’. ஆகவே ‘ஓர்’ அடுத்த வரிக்குப் போகிறது. நான்காம் அடியில் ‘புரமேவிய’ என்று வரும். அது புரம் மேவிய, அதாவது புரத்தில் விரும்பி உறைந்த. ‘புரம் ஏவிய’ என்று பிரித்தால் பெருமான் ஊரை ஏவினார் என்றாகிவிடும். புதியவர் செய்யக்கூடிய பிழைகளில் மிகவும் கூசவைப்பது இதுதான். திரையில் ‘பிரமாபுரம் மேவிய’ என்று போட்டால் ஓசையும் பெரிதாகக் கெடாது, பொருளும் நிற்கும்.

சேர்த்ததைப் பிரிப்பதில் இவ்வளவு கவனம் வேண்டியதுபோல், இருப்பதைத் திருத்தாமல் விடுவதிலும் வேண்டும். முதல் அடியின் கடைசியில் நிற்கும் ‘சூடிக்’ என்பதன் ‘க்’ தட்டச்சுப் பிழை போலத் தோன்றும். அடுத்த அடி ‘காடுடைய’ என்று தொடங்குவதால் வந்த ஒற்று அது, அழிக்கக் கூடாது. தலத்தின் பெயர் பிரமபுரம், பாட்டில் ‘பிரமாபுரம்’ என்று நீண்டிருக்கிறது. பாட்டின் ஓசை கேட்கும் நீட்டம் அது, அப்படியே இருக்கட்டும். தலைப்பில் தலத்தின் பெயரை எழுதும்போது மட்டும் பிரமபுரம் அல்லது சீர்காழி.

பாடலை இணையத்தில் கண்ட இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டாமல், ஓதுவார் கையில் இருந்த பதிப்பைப் பார்த்தே தட்டச்சு செய்வது நல்லது. பாடபேதம் ஒரு காரணம், எழுத்துரு இன்னொரு காரணம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்ததை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும், அது உடனே தெரிந்துவிடும். தெரியாமல் போவது வேறு: ‘கௌ’வுக்குப் பதில் ‘கெ’யும் ‘ள’வும் அடுத்தடுத்து இருப்பது, கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ இருப்பது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் அந்தச் சொல் கிடைக்காது. வருடம் கழித்து ‘கௌரி’ என்று தேடி எந்த வீடியோவும் வராதபோதுதான் தெரியவரும்.

நம் பாட்டின் மூன்றாம் அடி ‘ஏடுடைய மலரான்’ என்று தொடங்குகிறது. அடுத்த சொல் இருக்கும் இடம் 0:47. உரசல் சரியாக அங்கேதான் விழுந்திருக்கிறது. புதியவர் மூன்று முறை கேட்கிறார், கேட்கவில்லை. புத்தகத்தில் ‘முனைநாட்’ என்றிருக்கிறது. சிலர் ‘உனைநாள்’ என்று பாடக் கேட்டிருக்கிறார். இங்கே அவர் செய்ய வேண்டியது: புத்தகத்தில் உள்ளதைப் போட்டுவிட்டு, தாளில் சந்தேகத்தை எழுதுவது. தானே முடிவு செய்துவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் தவறு.

நேரம் பொருந்தாமல் போனால் எப்படி இனம் காண்பது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே காட்டிவிடுங்கள். எல்லா வரியும் ஒரே அளவு முன்போ பின்போ தள்ளியிருந்தால், எழுத்துப் போட்ட பிறகு யாரோ முன்பகுதியை மறுபடி வெட்டியிருக்கிறார்கள். மொத்தக் கோப்பையும் அந்த அளவுக்கு நகர்த்தினால் முடிந்தது. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக இடைவெளி கூடினால் ஃபிரேம் எண்ணிக்கையில் வித்தியாசம் இருக்கிறது. ஃபோன் பதிவுகளில் அந்த எண்ணிக்கை நடுவில் ஏறி இறங்குவது உண்டு. அப்போது வரிகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்யாதீர்கள். வீடியோவை 25 ஃபிரேமில் நிலையாக ஏற்றுமதி செய்து, அந்தப் பிரதியின்மேல் நேரம் குறிக்க வேண்டும்.

சரிபார்ப்பு

யூடியூபில் வெளியிட்ட வீடியோவை அதே முகவரியில் வைத்துக்கொண்டு வேறு வீடியோவாக மாற்ற முடியாது. நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினால் பார்வைகளும் கருத்துகளும் பகிர்ந்த இணைப்புகளும் போய்விடும். தனிக் கோப்பாக ஏற்றிய சப்டைட்டிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆகவே சரிபார்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது படத்தையும் ஒலியையும். எழுத்து அதற்குப் பிறகு. எழுத்தைப் படத்தோடு சேர்த்துப் பதித்துவிடும் சேனல்களுக்கு இந்த வசதி இல்லை, அங்கே எல்லாமே ஒரே கட்டத்தில் சரியாக இருந்தாக வேண்டும். அதனால்தான் தனிக் கோப்பு முறையைப் பரிந்துரைக்கிறோம்.

வீடியோவை `Private` ஆக ஏற்றிவிட்டு மூன்று முறை பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே முறையில் பார்ப்பதாகச் சொல்லும் புதியவர் பாட்டில் லயித்துவிடுவார். நல்ல ஓதுவாராக இருந்தால் இது நிச்சயம் நடக்கும்.

முதல் முறை திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேட்பது. தெருவில் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடியிருந்தால் இப்போது காதில் விழும். மெல்லியதாக இருந்தாலும் யூடியூபின் பதிப்புரிமைக் கண்டறிதலில் அது சிக்கலாம். இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பது. பின்னணியில் நிற்கும் பக்தர்கள், குழந்தைகள், திரை விலகிய கருவறை, யாரோ செருப்போடு கடந்துபோவது எல்லாம் இப்போதுதான் கண்ணில் படும். மூன்றாம் முறை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுவது. இதைக் கணினியில் செய்யாமல் ஃபோனைப் படுக்கவைத்துச் செய்யச் சொல்லுங்கள். சேனலைப் பார்ப்பவர்களில் வயதானவர்கள் பலர் ஃபோனில்தான் பார்க்கிறார்கள், கணினியில் பெரிதாகத் தெரியும் எழுத்து அங்கே எறும்பாகத் தெரியும். தலைப்பில் பண்ணின் பெயரையும் பாருங்கள்: நட்டபாடை என்று எழுதியிருக்க வேண்டும். கர்நாடக இசை கேட்பவர்களுக்காகக் கம்பீரநாட்டை என்று சேர்ப்பதில் தவறில்லை.

சரிபார்ப்பவர் எதையும் தானே திருத்தக் கூடாது. நேரம், என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும் என்று மூன்றையும் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். ‘எழுத்துப் பிழைகள் உள்ளன, கவனிக்கவும்’ என்று எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. ‘1:02, ஏவிய → மேவிய’ என்று எழுதினால் திருத்த ஒரு நிமிடம்தான் ஆகும், புதியவரும் கற்றுக்கொள்வார். சரிபார்ப்பவரே திருத்திவிட்டால் அதே பிழை அடுத்த வாரமும் வரும். அதுமட்டுமில்லை, அவர் திருத்தியதை யார் சரிபார்ப்பது?

நம் பாட்டில் 0:47 பற்றிய குறிப்பு அவருக்கு வருகிறது. அவருக்கும் கேட்கவில்லை. ஓதுவாருக்கு ஃபோன் போட்டு, ‘ஐயா, மூன்றாம் அடியில் மலரானுக்கு அடுத்து எப்படிப் பாடினீர்கள்?’ என்று கேட்கிறார். அவர் ‘முனைநாள்’ என்று சொன்னால் புத்தகத்தோடு பொருந்துகிறது, வெளியிடலாம். ‘உனைநாள்’ என்பதுதான் தன் குரு சொல்லிக்கொடுத்த பாடம் என்றால் பாடியபடியே எழுத்தையும் மாற்றிவிட்டு, கீழே விளக்கப் பகுதியில் பாடபேதம் என்று ஒரு வரி சேர்க்கலாம். வாய்தவறி வந்தது என்று அவரே சொன்னால், அடுத்த ஞாயிறு அந்தப் பாட்டை மட்டும் மறுபடி எடுக்க வேண்டியதுதான். மூன்றில் எது என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். தொண்டர்களின் வேலை கேள்வி அவரிடம் போய்ச் சேருமாறு பார்த்துக்கொள்வது.

பயிற்சி வரிசை

கேமராவுக்கு என்று வருபவரை முதல் வாரமே கேமராவில் நிறுத்தாதீர்கள். பழைய பதிவு ஒன்றைக் கொடுத்து, ஒரு பாட்டுக்குச் சப்டைட்டில் போடச் சொல்லுங்கள். கீழ்க் கால்பகுதி ஏன் காலியாக இருக்க வேண்டும், ஐந்து விநாடி அமைதி எதற்கு என்பதெல்லாம் அவருக்கு ஒரே இரவில் புரிந்துவிடும். அதேபோல் சப்டைட்டிலுக்கு வருபவர் முதலில் சரிபார்ப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று முறை பார்க்கும் பழக்கத்தைப் பார்க்கட்டும். சரிபார்ப்பு வேலைக்குப் புதியவரை நேரடியாக எடுக்க வேண்டாம். குறைந்தது பத்துப் பாட்டுக்குச் சப்டைட்டில் போட்டவராக இருந்தால் நல்லது. தன் பாட்டைத் தானே சரிபார்க்காதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வாரம் பழையவர் பக்கத்தில் நிற்க, புதியவர் செய்வார். தாளைப் புதியவரே எழுத வேண்டும். மூன்றாம் வாரம் பழையவர் வரவே வேண்டாம், தாளை மட்டும் வாங்கிப் பார்க்கட்டும். அடுத்தவர் ஒரு கேள்விகூடக் கேட்க ஃபோன் எடுக்காமல் வேலையை முடித்தால் அந்தத் தாள் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. கேட்ட கேள்வி எதுவோ, அதற்கான வரி தாளில் இல்லை அல்லது சரியாக நிரப்பப்படவில்லை. ஒரே கேள்வி மூன்று முறை வந்தால் அதைத் தாளில் புது வரியாகச் சேருங்கள். ஆனால் ஒரு பக்கத்தைத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் நிரப்ப மாட்டார்கள். பயன்படாத ஒரு வரியை எடுத்துவிட்டே புதியதைச் சேர்க்க வேண்டும்.

சேனலின் கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. யூடியூப் ஸ்டுடியோவில் `Settings > Permissions` பகுதியில் ஒவ்வொருவரையும் அவரவர் மின்னஞ்சலால் சேர்க்கலாம். சப்டைட்டில் போடுபவருக்கு `Subtitle Editor` என்ற அனுமதி போதும், அவரால் வீடியோவை நீக்க முடியாது. படிப்புக்காகவோ வேலைக்காகவோ வெளியூர் போகும் தொண்டரின் பெயரை அன்றே அங்கிருந்து எடுத்துவிடுங்கள். அதற்கு முன் அவர் கையில் முடியாமல் இருக்கும் தாள்களை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியிட்ட பிறகும் தாளுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பார்த்தவர் யாராவது கருத்தில் பிழை சுட்டிக்காட்டினால், யூடியூபில் மட்டும் திருத்திவிட்டு விடக் கூடாது. டிரைவில் இருக்கும் `.srt` கோப்பையும் மாற்றி, திருத்திய தேதியைத் தாளில் எழுத வேண்டும். பதிகத்தின் பதினொரு பாட்டையும் சேர்த்து ஒரே வீடியோவாக வெளியிடும்போது எடுக்கப்போவது டிரைவில் இருக்கும் அந்தக் கோப்பைத்தான். அது பழையதாக இருந்தால், திருத்தியதாக எல்லோரும் நினைத்த ‘ஏவிய’ மறுபடி திரையில் வந்து நிற்கும்.